காலனி எல்லாம் நீலமாக வந்தால்

"பியுசி19 பிளாஸ்மிட், என் ஜீன் இரண்டையும் ஈகோஆர்1 வைத்து வெட்டி லைகேஸ் போட்டேன். எல்லா காலனியும் நீலம், ஏன்?"

நீலம் என்றால் ஜீன் பிளாஸ்மிடுக்குள் நுழையவில்லை என்று அர்த்தம். முதலில் லைகேஸ் சேர்க்காமல், வெட்டிய பிளாஸ்மிடை மட்டும் பாக்டீரியாவுக்குள் செலுத்திப் பாருங்கள். அப்போதும் காலனி நிறைய வந்தால் வெட்டு சரியாக விழவில்லை. வரவில்லையென்றால் பிளாஸ்மிட் தன்னைத்தானே மூடிக்கொள்கிறது, எனக்கு இதில்தான் சந்தேகம். ஈகோஆர்1 GAATTC-ஐ வெட்டும்போது இரு முனையிலும் ஒரே AATT நீட்டிக்கொண்டிருக்கும், அவை ஒரே மூலக்கூறில் பக்கத்திலேயே இருப்பதால் உங்கள் ஜீன் வந்து சேருவதற்குள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும்.

பிளாஸ்மிடுக்கு மட்டும் பாஸ்பட்டேஸ் போடுங்கள், ஜீனுக்கு வேண்டாம். 5' முனைப் பாஸ்பேட் போய்விட்டால் லைகேஸால் அதை மூட முடியாது, ஆனால் ஜீனின் பாஸ்பேட் இருப்பதால் இணைப்பு நடக்கும், மிச்ச இடைவெளியை செல்லே சரிசெய்துகொள்ளும். பாஸ்பட்டேஸை சூடாக்கிச் செயலிழக்க வைத்த பிறகே ஜீனைச் சேருங்கள்.

ஜீனின் ஒரு முனையில் ஈகோஆர்1, மறுமுனையில் ஹிண்ட்3 வெட்டும் இடம் வரும்படி ப்ரைமர் புதிதாக வாங்க முடிந்தால், ஜீன், பிளாஸ்மிட் இரண்டையும் அந்த இரண்டாலும் வெட்டுங்கள். பிளாஸ்மிடின் இரு முனைகளும் ஒன்றோடொன்று பொருந்தாது, அப்புறம் ஜீன் தலைகீழாக நுழையவும் வழியில்லை.