‘ஐ ஆம் கன்ஃப்யூஷன் அபவுட் தி இன்வாய்ஸ்’ என்று பையருக்கு மெயில் போட்டேன், மேனேஜர் எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டார். ஸ்பெல்லிங் சரிதானே, எங்கே தப்பு?

ஸ்பெல்லிங் சரிதாங்க. அதனால்தான் அடியில் சிவப்புக் கோடு விழவில்லை.

நீங்களும் என்னைப் போலத் திருப்பூரில் ஏதோ ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸில் மெர்ச்சண்டைசர் என்று நினைக்கிறேன். நாள் முழுக்க ‘ஒரே கன்ஃப்யூஷனா இருக்கு’, ‘டென்ஷனா இருக்கு’ என்றுதானே பேசுகிறோம்? இங்கிலீஷிலிருந்து பெயர்ச்சொல்லை வாங்கி, பின்னால் ஒரு ‘ஆக’ ஒட்டினால் தமிழில் வேலை முடிந்தது. மெயில் எழுதும்போது அந்த ‘ஆக’ கழன்றுவிடுகிறது, பெயர்ச்சொல் மட்டும் போய் நிற்கிறது. இங்கிலீஷில் ‘ஆக’ கிடையாது, சொல்லே உருமாற வேண்டும்: கன்ஃப்யூஷன் கன்ஃப்யூஸ்ட் ஆகும், டென்ஷன் டென்ஸ் ஆகும்.

‘ஐ ஆம் மெர்ச்சண்டைசர்’ என்கிறோமே, அதுவும் பெயர்ச்சொல்தானே என்று யாராவது கேட்பீர்கள். நடுவில் ஒரு ‘எ’ வேண்டும், மற்றபடி சரி. அங்கே நீங்கள் யார் என்று சொல்கிறீர்கள். உங்கள் மெயில்படி நீங்களே ஒரு குழப்பம் என்று ஆகிவிட்டது, மேனேஜர் சிரித்தது அதற்குத்தான். தமிழில் நினைக்கும்போது ‘ஆக இருக்கு’ என்று வந்தால், பெயர்ச்சொல்லை அப்படியே போடாதீர்கள்.

எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் ‘தி ஷேட் இஸ் டிஃபரென்ஸ்’ என்று அனுப்பினான். டையிங்கில் தினமும் கேட்கும் வார்த்தை ஷேட் டிஃபரென்ஸ், அதையே பிய்த்துப் போட்டுவிட்டான். ‘டிஃபரென்ட்’ என்று மாற்றலாம். பெயர்ச்சொல்லையே வைத்துக்கொண்டு ‘தேர் இஸ் எ ஷேட் டிஃபரென்ஸ்’ என்றும் எழுதலாம், எனக்கு இதுதான் பிடிக்கும்.

அவசரத்தில் ‘ஐ ஆம் கன்ஃப்யூஸிங்’ என்று திருத்திவிடாதீர்கள். குழம்பியிருப்பது நீங்கள், அதனால் கன்ஃப்யூஸ்ட். குழப்புவது இன்வாய்ஸ், அதனால் அதுதான் கன்ஃப்யூஸிங். ‘சந்தேகமா இருக்கு’ என்பதற்கு டவுட்ஃபுல் என்று போட்டாலும் சிக்கல்தான், பையரை நம்பவில்லை என்று அர்த்தமாகிவிடும். ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ போதும்.

இன்வாய்ஸில் 4,800 பீஸ், பேக்கிங் லிஸ்ட்டில் 4,780 பீஸ் என்று வைத்துக்கொள்வோம். நானாக இருந்தால் கன்ஃப்யூஷனே வராமல் ‘தி இன்வாய்ஸ் சேஸ் 4,800 பீசஸ், பட் தி பேக்கிங் லிஸ்ட் சேஸ் 4,780. விச் இஸ் கரெக்ட்?’ என்று எழுதியிருப்பேன். இலக்கணம் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், நான் மெயிலில் பிழைக்கிறவன்.

ராத்திரி பதினோரு மணிக்கு ‘அர்ஜென்ட்’ என்று பையர் மெயிலை நம் தலையில் கட்டிவிட்டு, காலையில் வந்து சிரிக்கிற மேனேஜர்களைத்தான் எனக்குப் புரியவில்லை. டெய்லருக்காவது ஓவர்டைம் உண்டு. மெயில் எழுதுகிறவனுக்கு என்ன கொடுக்கிறார்கள்?