பட்டை விழுந்த நூல்: திருப்பி அனுப்புவதா, விலையைக் குறைக்கச் சொல்வதா?

கேள்வி: திருப்பூரில் சிறிய நிட்டிங் யூனிட் நடத்துகிறேன். ஒரு மில்லிடமிருந்து 30ஆம் நம்பர் கோம்டு நூல், கிலோ 300 ரூபாய்க்கு, 50 கிலோ மூட்டையாக 40 மூட்டை வாங்கினேன். 3ஆம் தேதி சரக்கு வந்தது. 12 மூட்டையைத் துணியாக்கி டையிங்குக்கு அனுப்பினோம். 12ஆம் தேதி துணி வந்தபோது குறுக்கே பட்டை பட்டையாக நிறம் மாறியிருந்தது. மறுநாளே மில்லின் விற்பனை ஆளுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். "பார்க்கிறோம்" என்றார். பையர் நெருக்கியதால் மேலும் 4 மூட்டையை ஓட்டிவிட்டேன். இன்று 29ஆம் தேதி. 24 மூட்டை அப்படியே இருக்கிறது. பத்து வருடப் பழக்கம் என்று நம்பினேன்; இப்போது போனையே எடுப்பதில்லை. அடுத்த மாதம் 17ஆம் தேதியிட்ட என் செக் அவர்களிடம் இருக்கிறது. முழுச் சரக்கையும் திருப்பி அனுப்பி, ஆர்டர் போன நஷ்டத்தையும் வாங்க முடியுமா?

பதில்: பத்து வருடப் பழக்கமும் எடுக்கப்படாத போன் அழைப்புகளும் இந்த வழக்கில் உங்கள் பக்கம் எடை பெறாது. நூல் கெட்டதா என்பதுகூட இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, நீங்கள் அந்தச் சரக்கைச் சட்டப்படி ஏற்றுக்கொண்டுவிட்டீர்களா என்பது. சரக்கு விற்பனைச் சட்டம், 1930, பிரிவு 42இன்படி வாங்குபவர் ஏற்றுக்கொண்டதாகச் சொன்னாலோ, விற்றவரின் உரிமைக்கு முரணான ஒரு செயலைச் சரக்கின் மீது செய்தாலோ, நிராகரிப்பைத் தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தாலோ அது ஏற்பு ஆகிவிடும். பிரித்துப் பார்க்க முடியாத ஒரே ஒப்பந்தத்தில் ஒரு பகுதியை ஏற்றுவிட்டாலும், வேறு உடன்பாடு இல்லாதவரை, மீதியை நிராகரிக்கும் உரிமை போய்விடுகிறது. நஷ்டஈடு கேட்கும் உரிமை மட்டுமே மிஞ்சுகிறது என்று பிரிவு 13(2) சொல்கிறது.

முதல் 12 மூட்டையைப் பற்றி உங்கள் பக்கம் சொல்வதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது. நிறம் ஏற்றாமல் இந்தக் குறை கண்ணுக்குத் தெரியாது. பரிசோதிக்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும் வரை ஏற்பு இல்லை என்று பிரிவு 41 சொல்கிறது. ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: ஒரு ரோல் ஓட்டி, டையிங் செய்து பார்த்தால் போதுமே, 600 கிலோவை ஓட்டுவது பரிசோதனையா, உற்பத்தியா? அதற்கும் ஒருவாறு பதில் சொல்லிவிடலாம். 13ஆம் தேதி படம் அனுப்பிய பிறகு ஓட்டிய அந்த 4 மூட்டைக்குத்தான் பதில் இல்லை. குறை தெரிந்த பின் சரக்கைப் பயன்படுத்துவது, சரக்கு என்னுடையது என்று சொல்வதற்குச் சமம். ஆகவே முழுச் சரக்கையும் நிராகரிக்கிறேன் என்று நோட்டீஸ் அனுப்பினால், அந்த நோட்டீஸே உங்கள் வழக்கின் பலவீனமான இடத்தைக் காட்டிக் கொடுக்கும்.

என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரரின் நிலை இதைவிட மோசம். ஒழுங்காக நிராகரிப்புக் கடிதம் அனுப்பிவிட்டு, அடுத்த வாரம் ஒரு அவசர வேலைக்காக அதே லாட்டிலிருந்து இரண்டு மூட்டையை எடுத்திருந்தார். அவருடைய ஸ்டாக் ரிஜிஸ்டரே அவருக்கு எதிரான சாட்சியாக நின்றது. ஆகவே இன்றே அந்த 24 மூட்டையைத் தனி இடத்தில் அடுக்கி, மூட்டை எண்ணும் லாட் எண்ணும் தெரியும்படி படமெடுத்து, ரிஜிஸ்டரில் தனிப் பதிவு போடுங்கள். யார் நெருக்கினாலும் ஒரு கோன்கூட வெளியே வரக்கூடாது. சரக்கை நீங்களாக லாரியில் ஏற்றி மில்லுக்கு அனுப்பவும் வேண்டாம். முறையாக நிராகரித்த சரக்கைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடமை வாங்கியவருக்கு இல்லை, தெரிவித்தால் போதும் என்பது பிரிவு 43. மில் வாசலில் இறக்க மறுத்தால் லாரி வாடகையும் வழியில் நேரும் சேதமும் உங்கள் தலையில்தான் விழும்.

நீங்கள் கேட்காத, ஆனால் நான் அதிகம் பயப்படுகிற விஷயம் வேறு. அந்த மில் குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவாகியிருக்கிறதா என்று பில்லில் உத்யம் எண்ணைப் பாருங்கள். 2025 ஏப்ரலிலிருந்து ஆண்டு விற்பனை 100 கோடி வரையிலும் முதலீடு 25 கோடி வரையிலும் உள்ளவை சிறு நிறுவனங்கள் என்பதால், நம் பகுதியின் பல மில்கள் இதற்குள் வந்துவிடும். அப்படியானால் 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம் பொருந்தும். சரக்கு வந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் சொல்லவில்லை என்றால், சரக்கு வந்த அன்றே ஏற்றதாக அந்தச் சட்டம் கருதுகிறது. உங்களுக்கு அந்த 15 நாள் 18ஆம் தேதியோடு முடிந்தது. பணம் அதிகபட்சம் 45 நாளுக்குள் கொடுக்கப்பட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஓடும். மில் தன் ஊர் எல்லைக்குட்பட்ட, அந்தச் சட்டத்தின் கீழ் பணத் தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகலாம். அங்கே உங்களுக்கு எதிராகத் தீர்ப்பானால், அதை எதிர்த்து நீதிமன்றத்தில் மனுப் போடவே தீர்ப்புத் தொகையில் 75 சதவீதம் முன்கூட்டிக் கட்ட வேண்டும். நூல் உண்மையிலேயே கெட்டதாக இருந்தும், இந்த 75 சதவீதத்தைப் புரட்ட முடியாமல் முழுத் தொகையையும் கொடுத்துவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில் உங்களைக் காப்பாற்றக்கூடியது 13ஆம் தேதி வாட்ஸ்அப் மட்டுமே. மின்னணுச் செய்தியை எழுத்தாகக் கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வெறும் படம் ஆட்சேபம் ஆகாது. எந்தப் பில், எந்த லாட், என்ன குறை என்பது அதே உரையாடலில் இருந்தால்தான் வலு. போனில் பேசியதையும் ஏஜென்ட்டிடம் சொன்னதையும் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த உரையாடலை அழிக்காமல், அந்தப் போனை மாற்றாமல் வைத்திருங்கள். பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63 கேட்கும் சான்றிதழோடுதான் அதைத் தாக்கல் செய்ய முடியும்.

அடுத்தது பரிசோதனை. மில் சொல்லப்போவது தெரிந்ததே: பட்டை நூலில் இல்லை, உங்கள் மெஷினில், இல்லையென்றால் டையிங்கில். இதற்கு விடை உங்கள் ஷெட்டிலேயே கிடைக்கும். பட்டை விழும் ஃபீடரில் இருக்கும் கோனை எடுத்து, நல்ல துணி வரும் ஃபீடரில் மாட்டி, அந்த இடத்துக் கோனை இங்கே மாட்டி ஓட்டுங்கள். இரண்டையும் ஒரே பாத்தில் சாயமேற்றிய பிறகு பட்டை கோனோடு இடம் மாறியிருந்தால் குறை நூலில்; பழைய ஃபீடரிலேயே நின்றால் குறை மெஷினின் டென்ஷனில். இது இரண்டு நாள் வேலை. இதை மில்லின் ஆளை வைத்துக்கொண்டு செய்யுங்கள். நாள், நேரம் குறித்து அழைப்பு மின்னஞ்சல் அனுப்பி, வராவிட்டால் வரவில்லை என்று குறித்துக்கொண்டு, வெளியாள் ஒருவர் முன்னிலையில் செய்யுங்கள். இதற்கான கோன்களைக்கூட அழைப்பில் சொல்லிவிட்டே எடுக்க வேண்டும். அப்போதுதான் அது பரிசோதனை, பயன்பாடு அல்ல.

பிறகு திறக்காத மூட்டைகளிலிருந்தும், பட்டை தந்த கோன்களிலிருந்தும் மாதிரி எடுத்து, லேபிளோடு சீல் வைத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டுக் கோவை சிட்ரா போன்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். நீங்களே தனியாகக் கொண்டுபோய்க் கொடுத்த கோனின் அறிக்கையைப் பார்த்து, "அது எங்கள் கோன்தான் என்று யார் சொன்னது?" என்று மில் கேட்டால் அறிக்கை அங்கேயே விழுந்துவிடும். 30ஆம் நம்பர் லாட்டில் 28ஆம் நம்பர் கோன் கலந்திருப்பதாக அறிக்கை வந்தால் அது வலுவான சான்று, ஏனென்றால் விவரணைப்படி சரக்கு தரவில்லை என்று சரக்கு விற்பனைச் சட்டப் பிரிவு 15இன் கீழ் வாதாடலாம். நம்பர் சரியாக இருந்து, கலந்த பஞ்சின் தன்மை மட்டும் மாறியிருந்தால் வாதம் தரம் பற்றியதாகிறது. அது சற்றே மெலிந்தது.

பில்லின் அடியில் "நூலைத் துணியாக்கிய பின் புகார் ஏற்கப்படாது" என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சரக்கு வந்த பிறகு கைக்கு வந்த பில்லின் நிபந்தனை ஒப்பந்தத்தைக் கட்டுப்படுத்தாது என்று வாதிடலாம். ஆனால் பத்து வருடமாக அதே பில்லை வாங்கி வந்திருக்கிறீர்கள். தொடர் வியாபார வழக்கத்தால் மறைமுக உத்தரவாதங்களை விலக்கலாம் என்று அதே சட்டத்தின் பிரிவு 62 சொல்வதால், நீங்கள் பெருமையாகச் சொல்லும் அந்தப் பத்து வருடம் மில்லுக்குத்தான் உதவும்.

என்ன கேட்பது என்பதில் உறுதியாக இருங்கள். பதிலுக்கு நூல், முழுப் பணம், ஆர்டர் நஷ்டம் என்று எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கேட்பவர் எதையும் தீர்மானிக்கவில்லை என்றே எதிர்த்தரப்பு எடுத்துக்கொள்ளும். ஆர்டர் போன நஷ்டம், அந்த ஆர்டரையும் கெடு தேதியையும் நூல் வாங்கும்போதே மில்லிடம் சொல்லியிருந்தால் தவிர, ஒப்பந்தச் சட்டப் பிரிவு 73இன் கீழ் கிடைக்காது. சொல்லியிருந்தால் பர்ச்சேஸ் ஆர்டரில் தெரியும். தெரியவில்லை என்றால் அந்தக் கோரிக்கையை விட்டுவிடுங்கள். நோட்டீஸில், திறக்காத 24 மூட்டையை நிராகரிப்பதாகவும், அது ஏற்கப்படாவிட்டால் சரக்கு விற்பனைச் சட்டப் பிரிவு 59இன்படி முழுச் சரக்குக்கும் விலைக் குறைப்புக் கோருவதாகவும், ஏழு நாளுக்குள் கூட்டுப் பரிசோதனைக்கு வரவேண்டும் என்றும் மட்டும் எழுதுங்கள்.

செக்கைப் பொறுத்தவரை, வங்கிக்கு ஸ்டாப் பேமெண்ட் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்டாப் பேமெண்ட்டால் திரும்பிய செக்குக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பிரிவு 138 வழக்கு வரும். கடனுக்காகவே கொடுத்தது என்ற அனுமானத்தை உடைக்கும் பொறுப்பு உங்களுடையது. செக் தேதிக்கு முன்பே அனுப்பிய நோட்டீஸும் பரிசோதனை அறிக்கையும் இருந்தால் அந்தப் பொறுப்பைச் சுமக்க முடியும். செக் திரும்பிய பிறகு எழுதிய புகாரை நீதிமன்றம் சாக்காகவே பார்க்கும்.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: இதை வழக்காக்காதீர்கள், சமரசமாக முடியுங்கள். மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வணிக வழக்கு என்பதால், அவசர இடைக்கால நிவாரணம் கேட்காதவரை, மனுப் போடும் முன் சமரச மையத்துக்கு எப்படியும் போயாக வேண்டும். கணக்கைப் பாருங்கள். வரி நீங்கலாக மொத்த விலை 6,00,000. திறக்காத 24 மூட்டையை மில் எடுத்துக்கொண்டு கிரெடிட் நோட் தந்தால் 3,60,000 கழியும். மீதி 16 மூட்டையின் விலை 2,40,000. பட்டை விழுந்த 600 கிலோவைக் கறுப்பு, நேவி போன்ற அடர் நிறத்தில் மறுபடி சாயமேற்றினால் பட்டை பெரும்பாலும் மறைந்துவிடும்; கிலோவுக்கு 80 ரூபாய் என்று வைத்தால் செலவு 48,000. பின்னால் ஓட்டிய 200 கிலோ இன்னும் சாயமேறவில்லை என்றால் அதை நேராக அடர் நிறத்துக்கு அனுப்பலாம். ஆகவே 1,92,000 கொடுத்து முடிப்பது நியாயமான ஒப்பந்தம். மில்லுக்கும் இதில் லாபம் உண்டு, ஏனென்றால் திறக்காத மூட்டையை அடர் நிறத் துணி ஓட்டும் வேறொருவருக்கு விற்க முடியும். 24 மூட்டையைத் திருப்பி எடுக்க மறுத்தால், முழு லாட்டுக்கும் கிலோவுக்கு இவ்வளவு என்று விலைக் குறைப்புக்கு இறங்குங்கள்; அதுவும் மோசமில்லை.

சமரசத்தை வாய்ச்சொல்லில் விடாமல் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எந்தப் பில், எந்த லாட், எவ்வளவு தொகை, இனி இரு தரப்புக்கும் கோரிக்கை இல்லை என்ற வாசகம் அதில் இருக்க வேண்டும். கிரெடிட் நோட் எந்த மாதக் கணக்கில் வரும் என்பதையும் சேருங்கள். அதற்கேற்ப உங்கள் உள்ளீட்டு வரிச் சலுகையைக் குறைக்க வேண்டியிருக்கும். புதிய செக்கையோ வங்கிப் பணத்தையோ கொடுக்கும் முன் 17ஆம் தேதியிட்ட பழைய செக் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். புதுத் தொகையையும் வாங்கிக்கொண்டு பழைய செக்கையும் வங்கியில் போட்டவர்கள் உண்டு.