குன்னூரில் முடியும் படம்

கேள்வி: பயணம் போகும்போது நல்ல நல்ல காட்சிகளாகத்தான் எடுக்கிறேன். ஆனால் சேர்த்துப் பார்த்தால் வெறும் தொகுப்பாகவே இருக்கிறது. மூன்று நான்கு நிமிடப் படத்துக்குள் ஒரு கதையைக் கொண்டுவருவது எப்படி?

கிளம்புவதற்கு முன்பே, படம் முடியும்போது விடை கிடைக்கும்படியான ஒரே ஒரு கேள்வியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை செல்லும் நீலகிரி மலை ரயிலை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். எனக்கு நன்கு பழக்கமான பாதை அது. பெரும்பாலானோர் அதில் பாலம், குகை, தேயிலைத் தோட்டம், உதகை ஏரி என்று வரிசையாக எடுத்து வருகிறார்கள். அதற்குப் பதிலாக, "இந்தப் பழைய எஞ்சின் இவ்வளவு செங்குத்தான மலையில் எப்படி ஏறுகிறது?" என்று கேட்டுக்கொண்டால், எதை எடுப்பது, எதை விடுவது என்பதை அந்தக் கேள்வியே பெரும்பாலும் சொல்லிவிடும்.

படம் எங்கே முடிய வேண்டும் என்பதும் அதிலிருந்தே தெரிந்துவிடும். கல்லாறு தாண்டியதும் ஏறத்தாழ பன்னிரண்டு அடிக்கு ஓரடி என்ற அளவில் ஏற்றம் தொடங்குகிறது. தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்சட்டத்தை எஞ்சினின் பல்சக்கரம் பற்றிக்கொண்டு ஏறுகிறது. அந்தப் பல்சட்டம் குன்னூரோடு முடிந்து, நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டுகிறார்கள். ஆகவே உங்கள் படமும் குன்னூரில்தான் முடிய வேண்டும். உதகையில் எடுத்தவை எவ்வளவு அழகாக இருந்தாலும் அவற்றுக்கு இந்தப் படத்தில் இடமில்லை. இந்த மறுப்புதான் மிகவும் கடினமானது. தொகுப்பு படமாக மாறுவதும் இங்கேதான்.

அடுத்து, ரயில் ஒரே திசையில் போவதாகப் பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். இடப்புற ஜன்னல் வழியே எடுத்தால் வெளிக்காட்சி திரையில் வலமிருந்து இடமாக நகரும். வலப்புற ஜன்னலில் அது அப்படியே தலைகீழாகும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால், ரயில் திரும்பி இறங்குவதுபோலத் தோன்றி ஏற்றத்தின் உணர்வு சிதைந்துவிடும். முடிந்தவரை ஒரே பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்து எடுங்கள். மாற்றியே ஆகவேண்டுமென்றால், நடுவில் ரயிலின் போக்கில் நேர் எதிரே பார்க்கும் காட்சியொன்றை வையுங்கள். இந்த ரயிலில் அது எளிது. ஏறும்போது எஞ்சின் பின்னால் நின்று தள்ளுவதால், முதல் பெட்டிக்கு முன்னால் பாதை திறந்தே கிடக்கும். எஞ்சின் பின்னால் இருக்கிறது என்பதே பல பயணிகளுக்கு வியப்பான செய்தி. அதை முதல் இருபது வினாடிக்குள் காட்டினால் உங்கள் கேள்வி விளக்கவுரையின்றியே பார்ப்பவர் மனத்தில் எழுந்துவிடும்.

படத்தின் நடுப்பகுதிக்கு, ஹில்குரோவ் போல எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும் நிலையம் ஒன்று போதும். அந்தச் சில நிமிடங்களில் எல்லோரும் ரயிலுக்கு முன்னால் நின்று தற்படம் எடுப்பார்கள். நீங்கள் எஞ்சினுக்குப் பக்கத்தில், பணியாளர்களிடம் கேட்டுக்கொண்டு, ஒதுங்கி நில்லுங்கள். குழாயைத் திருப்பும் கை, தொட்டி நிரம்பி வழியும் நீர், அதை அண்ணாந்து பார்க்கும் பணியாளரின் முகம், சக்கரங்களுக்கு இடையே சீறும் நீராவி, பெட்டியிலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு குழந்தை. ஒவ்வொன்றையும் கேமராவை அசைக்காமல் பத்து வினாடி எடுங்கள். அசைந்துகொண்டே எடுத்த காட்சிகளை எந்த இடத்தில் வெட்டினாலும் உறுத்தும். பிறகு படம் எதுவும் எடுக்காமல், ஒலியை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். சமதளத்தில் கேட்கும் ஓசைக்கும், பல்சக்கரம் பிடித்தபின் வரும் கனத்த, மெதுவான ஓசைக்கும் உள்ள வேறுபாடு, மலை ஏறுவதை எந்தக் காட்சியையும்விடத் தெளிவாக உணர்த்தும். இதனாலேயே மெதுவோட்டக் காட்சிகளைக் குறைக்கச் சொல்வேன். அவற்றோடு அவற்றின் இயல்பான ஒலியும் போய்விடுகிறது.

தொகுக்கும்போது இரண்டு காட்சிகளுக்கிடையே "அடுத்து" என்ற சொல் மட்டும்தான் பொருந்துகிறதா, அல்லது "அதனால்", "ஆனால்" போன்ற ஒன்று பொருந்துகிறதா என்று பாருங்கள். ஏற்றம் கடுமையாகிறது, அதனால் வேகம் குறைகிறது. வேகம் குறைகிறது, ஆனால் எஞ்சின் நிற்கவில்லை. நீராவி செலவாகிறது, அதனால் தண்ணீருக்காக நிற்கிறது. இப்படி அமைந்த காட்சிகளை இடம் மாற்றிப் போட முடியாது. எங்கே இரண்டு காட்சிகளை மாற்றிப் போட்டும் எதுவும் கெடவில்லையோ, அங்கே இழை அறுந்திருக்கிறது. அந்த இரண்டில் ஒன்றையாவது நீக்கிவிடுங்கள்.

இசையை இந்த வேலையெல்லாம் முடிந்த பிறகே சேருங்கள். முதலிலேயே பாட்டொன்றைப் போட்டுத் தாளத்துக்கு ஏற்ப வெட்டத் தொடங்கினால், எந்தக் காட்சியும் எந்த இடத்திலும் பொருந்துவதாகத் தோன்றும்; மேற்சொன்ன சோதனையும் பயன்படாமல் போகும். ஹில்குரோவ் பகுதிக்கு இசையே வேண்டாம், தண்ணீரும் நீராவியும் போதும் என்பது என் கருத்து.