தெப்பக்குளம் வீடியோவில் வரும் வயலின் பாட்டு

"மயிலாப்பூர் தெப்பக்குளம் வீடியோல ஏழு நிமிஷத்துக்கு மேல வயலின்ல வர்றது என்ன பாட்டுங்க? ஷஜாம்ல போட்டா ஒண்ணும் வரல. அதுக்கடுத்து வர்ற ரெண்டாவது பாட்டு பேரும் வேணும்."

ராஜாஜி எழுதி, எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய 'குறை ஒன்றும் இல்லை'ங்க. சரியா 7:42-ல ஆரம்பிக்குது. முதல் வரியை பஸ் ஹாரன் விழுங்கிடுது, அதனால 7:50 வரைக்கும் காதைத் தீட்டிக்கிட்டுக் கேளுங்க. நேரா அங்கேயே போகணும்னா வீடியோ லிங்க் கடைசியில, ஏற்கெனவே ? இருந்தா `&t=462s`, இல்லேன்னா `?t=462s` சேர்த்துக்குங்க.

9:16-ல வர்றது ரெண்டாவது பாட்டு இல்லை, இதே பாட்டோட இரண்டாம் சரணம். இது ராகமாலிகை. அதுவரை சிவரஞ்சனி, அங்கே காபிக்கு மாறுது. சிவரஞ்சனியில மத்யமமும் நிஷாதமும் கிடையாது, காபியில ரெண்டும் வந்துடும். சட்டுனு வேற பாட்டு மாதிரி தோணுறது அதனாலதான். எனக்கும் முதல் தடவை அப்படித்தான் தோணுச்சு. சந்தேகமா இருந்தா 'கலிநாளுக்கிரங்கி'ன்னு கூடவே பாடிப் பாருங்க, வார்த்தை அப்படியே உட்காரும். அடுத்து சிந்துபைரவிக்குப் போகணும், ஆனா அதுக்குள்ள வீடியோ பூக்கடைப் பக்கம் திரும்பிடுது.

ஷஜாம் பதிவான ஒலித்தட்டோட ஒப்பிட்டுத்தான் பேர் சொல்லும். தெருவில ஒருத்தர் நேரடியா வாசிக்கிறதை அதால பிடிக்க முடியாது. அதுக்கு கூகுள் ஆப்ல மெட்டை முணுமுணுத்துத் தேடுற வசதி பரவாயில்லை, பல்லவியை மட்டும் பத்து பதினஞ்சு வினாடி முணுமுணுங்க.