கோட்டைச் சுவர் தெரிந்தால் போதும் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். சீசன் முடிந்த பிறகுதான் எனக்குப் படிக்க நேரம். பொன்னியின் செல்வன் இரண்டு முறை முடித்தாயிற்று. கடல் புறா, உடையார், வேள்பாரி மூன்றும் விடாமல் படித்தேன். நூறு பேர் வந்து போகும் கதை என்றால் எனக்கு உயிர். வேள்பாரி எழுதிய சு. வெங்கடேசனுடையதாயிற்றே என்று காவல் கோட்டம் வாங்கினேன். நூறு பக்கம் தாண்டியதும் யார் யார் என்று பிடிபடவில்லை, மூடி வைத்துவிட்டேன். பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கூடப் பார்த்தேன். நான் எங்கே தவறுகிறேன்? அடுத்து எதைப் படிக்கலாம்? நம் தகடூர் அதியமானைப் பற்றி இப்படி ஒரு பெரிய நாவல் எழுத வழி உண்டா?

இப்படிக்கு,
ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

அன்புள்ள நண்பருக்கு,

நோட்டுப் போட்டுப் பெயர் எழுதியதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. கணக்கு எழுதுகிறவர் வேறென்ன செய்வார்! ஆனால் காவல் கோட்டத்துக்கு அந்த நோட்டு உதவாது. ஏன் என்று சொல்ல, நீங்கள் ரசித்த நாவல்களிலிருந்தே தொடங்குகிறேன்.

பொன்னியின் செல்வனில் அத்தனை பேர் இருந்தும் நீங்கள் திணறவில்லை. காரணம் வந்தியத்தேவன். ஆடிப்பெருக்கன்று வீராணம் ஏரிக்கரையில் குதிரை மேல் வருகிறான். சோழநாட்டு அரசியல் அவனுக்கும் புதிது, நமக்கும் புதிது. ஆதித்த கரிகாலன் கொடுத்த ஓலைகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் வேலை, அதற்காக ஊர் ஊராகப் போகிறான். கடம்பூர் மாளிகையில் சதி பேசுகிறவர்களை அவன் ஒளிந்திருந்து பார்க்கும்போதுதான் நாமும் பார்க்கிறோம். குந்தவை, பழுவேட்டரையர், நந்தினி, ஆழ்வார்க்கடியான் என்று ஒவ்வொருவரும் அவன் எதிரே வந்து நின்ற பிறகுதான் நமக்கு அறிமுகம் ஆகிறார்கள். கல்கி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதிய தொடர் அது. ஒரு வாரம் இதழை விட்டுவிட்டவருக்கும் புரிய வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இருந்தது. ஊர் சுற்றும் ஒரு தூதன் அந்தக் கட்டாயத்துக்கு நன்றாகப் பொருந்தினான்.

வேள்பாரியும் விகடனில் தொடராக வந்ததுதான். அதில் வந்தியத்தேவன் இடத்தில் இருப்பவர் கபிலர். பறம்பு மலைக்குப் புதியவராக வருகிறார், நீலன் அவரை மேலே அழைத்துப் போகிறான், ஒவ்வொரு செடிக்கும் குடிக்கும் விளக்கம் கேட்டுக்கொண்டே ஏறுகிறார். கேள்வி அவருடையது, பதில் நமக்கு. உடையாரில் இப்படி ஒரு ஆள் இல்லை. அங்கே ஒரு வேலை இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் எழும்ப வேண்டும். குஞ்சரமல்லன் பெருந்தச்சன், கிருஷ்ணன் ராமன், பஞ்சவன்மாதேவி என்று யார் வந்தாலும் அந்த வேலைக்கு இவர் யார் என்று கேட்டுக்கொண்டால் ஆள் மனதில் நின்றுவிடுகிறார். இந்தப் பெயர்களெல்லாம் பாலகுமாரன் கல்வெட்டிலிருந்து எடுத்தவை.

காவல் கோட்டத்தில் இந்த இரண்டும் கிடையாது. கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் ஆளும் இல்லை, கண்ணெதிரே எழும் ஒரு கட்டடமும் இல்லை. 2008இல் நேரே புத்தகமாக வந்த, ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட நாவல் அது. ஏறத்தாழ அறுநூறு ஆண்டுக் கதையைச் சொல்கிறது. மாலிக் காபூர் படை மதுரைக்குள் புகுந்தபோது தப்பிய சடச்சி அமணமலைப் பக்கம் போய்ச் சேர்கிறாள். அவள் வழியில் தாதனூர் என்ற ஊர் உருவாகிறது. பிறகு கம்பணன் வருகிறான், விசுவநாத நாயக்கர் வருகிறார், எழுபத்திரண்டு பாளையம் பிரிகிறது. ஒரு தலைமுறையின் முகம் பழகுவதற்குள் அடுத்த தலைமுறை வந்துவிடுகிறது. நோட்டில் நீங்கள் எழுதிய பெயர்களில் பாதிப் பேர் அடுத்த ஐம்பது பக்கத்தில் செத்துப்போயிருப்பார்கள்.

அந்த நாவலின் முதுகெலும்பு மதுரைக் கோட்டைச் சுவர். சுவருக்கு உள்ளே நகரம், அரண்மனை, கோயில். வெளியே தாதனூர். இந்த ஊர்க்காரர்கள் இரவில் களவுக்குப் போகிறவர்கள், அதே இரவில் காவலுக்கு நிற்கிறவர்களும் அவர்களே. இதில் முரண் ஒன்றுமில்லை, அந்தக் காலத்து ஏற்பாடே அப்படித்தான். காவலுக்கு ஊர்க்காரர்கள் கூலி கொடுப்பார்கள். காவல் இருக்கும் இடத்தில் களவு போனால் காவல்காரன் பொருளைத் தேடிக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். வேறு ஊரில் போன பொருளைத் துப்புச் சொல்லி மீட்டுத் தந்தால் துப்புக்கூலி வாங்கிக்கொள்ளலாம். களவு தெரிந்தவனால்தான் காவல் காக்க முடியும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. நம் பக்கத்து ஆளுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களைப் பாருங்கள். மாட்டைக் கவர்ந்துபோகச் சண்டையிட்டுச் செத்தவனுக்கும் கல் உண்டு, மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு. கல் நட்டவர்கள் இருவரையும் வீரன் என்றுதான் எழுதினார்கள்.

அதனால் நோட்டை மூடிவிடுங்கள். புதிதாக ஒருவர் வந்தால் பெயரை விடுங்கள், இவர் சுவருக்கு உள்ளே இருக்கிறவரா, வெளியே இருக்கிறவரா, உள்ளே நுழையப் பார்க்கிறவரா என்று மட்டும் கேளுங்கள். பெயர் மறந்தால் மேலே படிக்கலாம், இழப்பு ஒன்றுமில்லை. இந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை என்றால் மட்டும் நாலு பக்கம் திரும்பிப் போங்கள், எதையோ தாண்டி வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இன்னொன்றும் சொல்வேன், இலக்கிய நண்பர்கள் சிலர் கோபிக்கக்கூடும். நீங்கள் நின்ற இடத்திலிருந்து தொடராதீர்கள். நாயக்கர் காலப் பகுதியில் தகவல் பாரம் அதிகம். ஆசிரியர் தேடிச் சேர்த்த ஆவணங்கள் கதையை விட முன்னால் வந்து நிற்கும் இடங்கள் அங்கே உண்டு. அதைத் தாண்டிப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் போய்விடுங்கள். கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டையை இடிக்க முடிவெடுக்கும் பகுதி. நகரம் நெருக்கமாகிவிட்டது, சுவரை இடித்து அகழியைத் தூர்த்தால் இடம் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. இடிக்கிறவர்களுக்கே அந்த நிலம் என்று அறிவித்துத்தான் வேலையை நடத்தினார்கள். வேலையைக் கவனித்த மாரட், பெருமாள் மேஸ்திரி இருவர் பெயரும் இன்றும் மதுரையில் தெருப்பெயர்களாக இருக்கின்றன. மதுரைக்காரர்களுக்கோ அந்தச் சுவர் வெறும் கல்லும் சுண்ணாம்பும் இல்லை, ஒவ்வொரு கொத்தளத்திலும் தெய்வம் குடியிருந்தது. தெய்வத்தை இறக்காமல் எவன் கடப்பாரை வைப்பான்? தமிழில் நான் படித்த மிகச் சிறந்த கூட்டக் காட்சிகளில் அது ஒன்று. நாயகன் என்று ஒருவரும் இல்லை, ஊரே கூடி நிற்கிறது.

சுவர் போன பிறகு தாதனூரின் கதை இறுகத் தொடங்குகிறது. நகரக் காவல் கம்பெனியின் போலீஸ் கைக்குப் போகிறது. அதுவரை காவல்காரன் என்று கூலி வாங்கியவன், அதே தெருவில் அதே தடியோடு நடந்தால் இப்போது திருடன். தாது வருஷப் பஞ்சம் (1876 முதல் 1878 வரை) வருகிறது, பிறகு குற்றப்பரம்பரைச் சட்டத்தின் நிழல் விழுகிறது. இந்தப் பகுதியை முடித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள். சடச்சி எதை நட்டு வைத்தாள் என்று அப்போது தெரியும், நாயக்கர் காலமும் அவ்வளவு கனக்காது.

ஆனால் அதையும் உடனே வேண்டாம். கல்கியிலிருந்து நேரே அங்கே தாவுவது கடினம், இடையில் பிரபஞ்சனுக்குப் போங்கள். மானுடம் வெல்லும் முதலில், அதன் தொடர்ச்சியாக வானம் வசப்படும். இரண்டாவது நாவலுக்கு 1995இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. நீங்கள் கணக்கு எழுதுகிறவர் என்பதால் இந்தச் சிபாரிசில் எனக்குக் கூடுதல் நம்பிக்கை. இந்த நாவல்களுக்கு அடிப்படை புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்த்துச் சொல்லும் இடையாளாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736இல் தொடங்கி 1761இல் அவர் இறக்கும் காலம் வரை எழுதப்பட்டது. அவர் வியாபாரி. கப்பல் வந்தது, துணி மூட்டை போனது, கவர்னர் என்ன சொன்னார், கவர்னர் பெண்சாதி என்ன சொன்னாள், ஊரில் யாரைக் கட்டிவைத்து அடித்தார்கள் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே மாதிரி வரி. பெரிய செய்தி, சின்னச் செய்தி என்று பிரிக்கத் தெரியாத அந்தப் பழக்கம் வரலாற்றுக்குக் கிடைத்த லாபம். 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதையும் அப்படித்தான் எழுதி வைத்தார். பதவியில் இருந்த மனிதர், தடுக்க முடியவில்லை, எழுத மட்டும் முடிந்தது.

பிரபஞ்சன் அந்தக் குறிப்பை அப்படியே கதையாக்கிவிடவில்லை. துபாஷி வீட்டு வாசலில் நின்று தெருவையும் பார்க்கிறார். தாசிகள், சிப்பாய்கள், குடியானவர்கள் என்று நாட்குறிப்பு ஒரு வரியில் தாண்டிப்போகும் ஆட்களுக்கு அவர் உடம்பும் பேச்சும் கொடுக்கிறார். இங்கேயும் வந்தியத்தேவன் கிடையாது. ஆனால் எல்லாப் பாதையும் ஒரு வீட்டுக்கு வந்து சேர்வதால் வழி தவறாது. கூட்டத்தை நாயகன் இல்லாமல் படிக்க இதுவே நல்ல பழக்கம். துய்ப்ளெக்ஸ், துய்மா என்று பிரெஞ்சுப் பெயர்கள் முதலில் நாக்கில் இடறும், இருபது பக்கத்தில் பழகிவிடும். அந்தக் கர்நாடகச் சண்டைகளுக்குப் பின் வந்த மைசூர்ப் போர்களில்தான் நம் பாராமகால் சிக்கியது. 1792இல் திப்பு இந்தப் பகுதியை விட்டுக்கொடுக்க, அலெக்சாண்டர் ரீடு கலெக்டராக வந்து சேர்ந்தார். நீங்கள் தினமும் பார்க்கும் மலைக்கோட்டைக்கும் அந்த நாவல்களுக்கும் தூரம் அதிகமில்லை.

இவற்றுக்குப் பிறகு ஜோ டி குருஸின் கொற்கை. தூத்துக்குடிக் கடற்கரையின் பெரிய நாவல். அது அடுத்த சீசனுக்கு.

அதியமான் பற்றிக் கேட்டீர்கள். வழி உண்டு, ஆனால் எழுதுகிறவனுக்கு உடையார் எழுதியவருக்கு இருந்த வசதி இல்லை. தஞ்சைக் கோயில் சுவரில் ஆட்களின் பெயர்ப் பட்டியலே இருக்கிறது. தகடூர்ப் போரைப் பாடிய தகடூர் யாத்திரை முழுதாகக் கிடைக்கவில்லை, சிதறிய பாடல்கள்தான் மிச்சம். கைவசம் இருப்பவை ஜம்பைக் கல்வெட்டில் நெடுமான் அஞ்சியின் பெயர், தகடூரை வென்ற பெருஞ்சேரல் இரும்பொறையை அரிசில் கிழார் பாடிய பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து, ஔவையின் பாடல்கள். வென்றவன் பக்கத்துப் புலவர் ஒருவர், தோற்றவன் பக்கத்துப் புலவர் ஒருவர் என்று இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள் என்பதே ஒரு நாவலாசிரியனுக்குப் பெரிய கைமுதல். ஒரே போரை இரண்டு வாயால் சொல்லவைத்தால் ஆயிரம் பக்கம் தாங்கும். மாங்காய் வரத்து தொடங்கும் முன்பு நேரம் கிடைத்தால் புறநானூற்றில் 87 முதல் 95 வரை உரையோடு படித்துப் பாருங்கள். ஒன்பதும் ஔவை அவனைப் பாடியவை.

அன்புடன்.