மாறுகண் அறுவை சிகிச்சை: இரட்டைப் பார்வை தீருமா, தோற்றம் மட்டும் மாறுமா?

கேள்வி: எனக்கு வயது 43. மும்பை செம்பூரில் வசிக்கிறேன். நான்கு வயதில் வலது கண் மூக்குப் பக்கம் சாய்ந்திருந்ததற்காக அறுவை சிகிச்சை நடந்தது. கடந்த ஓராண்டாக அதே கண் வெளிப்பக்கம் விலகிக்கொண்டு வருகிறது. மாலையில் ரயில் நிலையத்துப் பலகைகூட இரண்டாகத் தெரிகிறது. "இந்த வயதில் செய்தால் முகத் தோற்றத்துக்குத்தான்" என்கிறார் ஒரு மருத்துவர். இரட்டைப் பார்வையே போய்விடும் என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது, டாக்டர்?

பதில்: அவர்களில் யார் சொல்வது உங்களுக்குப் பொருந்தும் என்பதை அறுவை அரங்குக்குப் போவதற்கு முன்பே பெரும்பாலும் கண்டுபிடித்துவிட முடியும். அதற்குப் பிரிசம் சோதனை என்று பெயர். அதைச் செய்து பார்க்காமல் இருவரில் எவர் சொன்னதையும் நீங்கள் முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து.

முதலில் வீட்டிலேயே ஒன்றைப் பாருங்கள். தூரத்தில் எரியும் ஒரு விளக்கு இரண்டாகத் தெரியும் நேரத்தில் ஒரு கண்ணையும், பிறகு மற்றக் கண்ணையும் கையால் மூடுங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் விளக்கு ஒன்றாகிவிட வேண்டும். ஒரு கண்ணை மட்டும் திறந்து வைத்திருக்கும்போதும் இரண்டாகவோ நிழல் விழுந்தது போலவோ தெரிந்தால், கோளாறு கண்ணாடிப் பவரிலோ, கருவிழியிலோ, கண்புரையிலோ இருக்கலாம். மாறுகண் அறுவை சிகிச்சை அதைத் தொடவே தொடாது. வெளிப்பக்கம் விலகிய கண்ணுக்கு இன்னோர் அடையாளமும் உண்டு. வலது கண் வெளியே விலகும்போது அந்தக் கண்ணின் பிம்பம் இடப்பக்கத்தில் தோன்றும். ஆகவே வலது கண்ணை மூடினால் இடப்பக்கத்து விளக்குதான் மறைய வேண்டும்.

நாற்பது ஆண்டுகளாக இல்லாத இரட்டைப் பார்வை இப்போது ஏன் வந்தது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடையும் அடங்கியிருக்கிறது. சிறு வயதில் கண் உள்நோக்கிச் சாய்ந்திருந்தபோது, நீங்கள் பார்க்கும் பொருளின் பிம்பம் அந்தக் கண்ணின் விழித்திரையில் நடு இடத்துக்கு மூக்குப் பக்கமாக விழுந்துகொண்டிருந்தது. குழந்தையின் மூளை வளரும் பருவத்தில் இருப்பதால், இரண்டாவது பிம்பத்தைச் சகித்துக்கொண்டிருப்பதற்குப் பதிலாக விழித்திரையின் அந்தப் பகுதியிலிருந்து வரும் செய்தியை ஒதுக்கிவிடக் கற்றுக்கொள்கிறது. குழந்தைப் பருவத்திலிருந்தே மாறுகண் உள்ள பெரும்பாலோர் இரட்டைப் பார்வை என்றால் என்னவென்றே அறியாமல் வாழ்வதற்குக் காரணம் இதுதான். வளர்ந்த பின் நரம்பு பாதித்து மாறுகண் வந்தவர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்களுக்கு முதல் நாளே எல்லாம் இரண்டாகிவிடும்.

இப்போது உங்கள் கண் எதிர்த்திசையில் விலகியிருப்பதால், பிம்பம் விழித்திரையில் காதுப் பக்கத்துப் பகுதியில் விழுகிறது. அந்தப் பகுதியை ஒதுக்க உங்கள் மூளை ஒருபோதும் கற்றுக்கொள்ளவில்லை. 43 வயதில் புதிதாகக் கற்றுக்கொள்வதும் அரிது. கண்ணை மறுபடி நேராக, அல்லது மிகச் சிறிதளவு உள்நோக்கி வைத்தால், பிம்பம் பழைய ஒதுக்கப்பட்ட பகுதிக்கே திரும்பி மறைந்துவிடக்கூடும். இரண்டாவது மருத்துவர் மனத்தில் வைத்துப் பேசியது இதுவாக இருக்கலாம். ஆனால் கவனியுங்கள்: இது இரு கண்களும் சேர்ந்து ஒரே காட்சியைக் காண்பதன்று. இரட்டைத் தோற்றம் போகும். ஊசியில் நூல் கோக்க உதவும் ஆழப் பார்வை அதனால் புதிதாக வந்துவிடாது. சோம்பேறிக் கண்ணாக இருந்தால் அதன் பார்வைத் திறனும் கூடாது.

பிரிசத்துக்கு முன் உங்கள் மூக்குக் கண்ணாடியைச் சோதிக்கச் சொல்லுங்கள். சிறு வயதில் உள்நோக்கிய மாறுகண் இருந்தவர்களில் பலருக்குப் பிளஸ் பவர் இருக்கும். அந்தப் பவரை முழு அளவில் கொடுக்கும்போது கண்ணின் உள்நோக்கிய இழுவை தளர்ந்து, வெளிவிலகல் கூடும். இளைஞர் என்றால் பவரைச் சற்றுக் குறைத்தே விலகலைக் கட்டுப்படுத்திவிடலாம். உங்கள் வயதில் வெள்ளெழுத்து தொடங்கிவிட்டதால் அதற்கு இடம் குறைவு, இருந்தாலும் பார்க்க வேண்டியதுதான். புதுக் கண்ணாடியோ, லேசர் சிகிச்சையோ, ஒரு கண்ணில் வளரும் புரையோ, வழக்கமாகப் பார்த்துவந்த கண்ணை விடுத்து மற்றக் கண்ணால் பார்க்க உங்களைத் தூண்டினாலும் இரட்டைப் பார்வை எழும். அதைச் சரியான கண்ணாடியாலேயே தீர்க்கலாம், கத்தி தேவைப்படாது.

பிரிசம் என்பது ஒளியை ஒரு பக்கமாக வளைக்கும் கண்ணாடித் துண்டு. ஒரு மீட்டர் தூரத்தில் ஒளியை ஒரு சென்டிமீட்டர் விலக்கினால் அது ஒரு பிரிசம் டயாப்டர். விலகிய கண்ணின் முன் இதைப் பிடித்தால், கண் நேராகிவிட்டால் பிம்பம் எங்கே விழுமோ அங்கே விழும். அறுவையின் விளைவை ஒரு துளி ரத்தம் இல்லாமல் ஒத்திகை பார்ப்பது என்று சொல்லலாம். உங்களைப் போன்றே பழைய அறுவை சிகிச்சைக்குப் பின் கண் வெளியே விலகிய 47 வயது வங்கி ஊழியர் ஒருவரின் அளவுகளைச் சொல்கிறேன். அவருடைய விலகல் 30 பிரிசம் டயாப்டர். பிரிசத்தின் பவரைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டு வந்தபோது 20 வரையிலும் இரட்டைத் தோற்றம் நீடித்தது, 24 வந்ததும் மறைந்தது, 40 வரை கூட்டியும் திரும்பவில்லை. அதாவது 6 அளவு வெளிவிலகல் மிஞ்சினாலும், 10 அளவு உள்ளே போய்விட்டாலும் அவருக்குத் தொல்லை இல்லை. உள்பக்கம்தான் இடம் அதிகம். இத்தகைய கண்கள் காலப்போக்கில் மறுபடி வெளியே நகரும் இயல்பும் உடையவை. எனவே சற்று உள்நோக்கி வைப்பதே சரி என்று முடிவாயிற்று. அதற்கு முன் ஒட்டும் பிளாஸ்டிக் பிரிசத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு சில நாள் அலுவலகம் போய்வரச் சொன்னோம். பரிசோதனை அறையில் பத்து நிமிடம் ஒன்றாகத் தெரிவதும், படிக்கட்டில் இறங்கும்போது ஒன்றாகத் தெரிவதும் வேறு வேறு.

இந்தச் சோதனையில் எந்த அளவிலும் இரட்டைத் தோற்றம் மறையாதவர்களும் உண்டு. பிம்பங்கள் அருகருகே வந்து, ஒன்றுசேராமல் ஒன்றன்மேல் ஒன்று நழுவிக்கொண்டே இருக்கும். அத்தகையவருக்கு அறுவை செய்தால் முகம் சீராகலாம். ஆனால் தள்ளித் தள்ளி இருந்த இரு பிம்பங்கள் நெருங்கிவந்து முன்பைவிட அதிகம் தொல்லை கொடுக்கக்கூடும். உங்கள் சோதனை முடிவு இப்படி இருக்குமானால் முதல் மருத்துவர் தயங்கியது நியாயமே.

அறுவையின்போது கண்ணை வெளியே எடுப்பதில்லை. பலருக்கு இந்த அச்சம் இன்னும் இருக்கிறது. வெள்ளை விழியை மூடியுள்ள மெல்லிய சவ்வில் சிறு வெட்டுப் போட்டு, விழியை அசைக்கும் தசைகளை இடம் மாற்றித் தைக்கிறோம். உள்பக்கத் தசை இயல்பாகக் கருவிழியின் ஓரத்திலிருந்து சுமார் 5.5 மி.மீ. பின்னால் ஒட்டியிருக்கும். அந்த வங்கி ஊழியருக்குப் பழைய அறுவை சிகிச்சையால் அது 11 மி.மீ. பின்னால் இருந்தது. அதை முன்னுக்குக் கொண்டுவந்து, வெளிப்பக்கத் தசையை 5 மி.மீ. பின்னுக்குத் தள்ளினோம். முதல் முறை செய்த இடத்தில் தழும்புத் திசு இருப்பதால், எவ்வளவு இழுத்தால் எவ்வளவு திரும்பும் என்ற வழக்கமான கணக்கு இரண்டாம் முறை அப்படியே பலிக்காது. அதனால் பெரியவர்களுக்கு, பின்னர் தளர்த்தவும் இறுக்கவும் கூடிய முடிச்சுத் தையல் போடுவதை நான் விரும்புகிறேன். மறுநாள் காலை, மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டுவிட்டு, அவரை விளக்கைப் பார்க்கச் சொல்லி, ஒன்றாகத் தெரியும்வரை முடிச்சைச் சிறிது இறுக்கினோம். ஆறு வாரம் கழித்து அவருக்கு நேர்ப் பார்வையிலும் வாசிக்கும்போதும் ஒன்றாகவே தெரிந்தது. இடக்கோடியைப் பார்த்தால் மட்டும் இன்னும் இரண்டு. இரட்டைப் பார்வைக்கான அறுவை சிகிச்சையில் வெற்றி என்று நாங்கள் சொல்வது இந்த அளவைத்தான். எல்லாத் திசையிலும் ஒன்றாகும் என்று யாரேனும் உறுதி கொடுத்தால் நான் நம்பமாட்டேன்.

முதல் சில நாட்கள் புதிய நிலைக்கு மூளை பழகும்வரை இரட்டைத் தோற்றம் இருந்தால் அது பெரும்பாலும் தணிந்துவிடும். கண் சிவப்பு மூன்று நான்கு வாரம் நீடிக்கலாம். ஆனால் வலியும் வீக்கமும் நாளுக்கு நாள் கூடினாலோ, பார்வை மங்கினாலோ, தைத்த தசையின் பக்கம் கண் திடீரெனத் திரும்ப மறுத்தாலோ அன்றே போய்க் காட்ட வேண்டும். கடைசியாகச் சொன்னது, தசை தையலிலிருந்து நழுவியதற்கான அடையாளம். விலகல் மிஞ்சியதாலோ சில ஆண்டுகளில் திரும்பியதாலோ மீண்டும் அறுவை தேவைப்படுவோரும் கணிசமாக உண்டு.

தோற்றத்துக்காக மட்டும் என்றாலும் இது முகப்பூச்சு விவகாரம் அன்று. எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேச முடியாமல் தலை குனிந்து வாழ்ந்தவர்கள், "ஒன்றரைக்கண்" என்ற கேலியைப் பள்ளியிலிருந்தே சுமந்தவர்கள், அதை இயல்பு நிலைக்குக் கொண்டுவர விரும்புவதில் தவறில்லை. மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் அந்தக் கேலியை அனுபவித்தவர்களாக இருப்பதில்லை. ஆனால் மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் "அழகு சிகிச்சை" என்று சொல்லி மறுக்க வாய்ப்புண்டு. ஆகவே இரட்டைப் பார்வை இருப்பதையும், விலகலின் அளவையும், பிரிசத்தில் அது மறைந்ததையும் மருத்துவர் தம் குறிப்பில் எழுதித் தரும்படி கேளுங்கள். முன் அனுமதிக் கடிதத்தோடு அதைச் சேர்த்து அனுப்புங்கள்.

மாலையில் மட்டும் இமை தொங்குவதும் இரட்டைப் பார்வையும் சேர்ந்து வந்தால் தசைச்சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும். கண் துருத்திக்கொண்டு வந்தால் தைராய்டைப் பார்க்க வேண்டும். திடீரெனக் கடும் தலைவலியோடு ஒரு பக்க இமை விழுந்து, கண்மணி பெரிதாகத் தெரிந்தால் கண் மருத்துவரைத் தேடிக்கொண்டிருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போக வேண்டும். உங்களுக்கு இவை எதுவும் இல்லையென்றால் அவசரம் இல்லை. சில மாத இடைவெளியில் இரண்டு முறை அளந்து விலகல் ஒரே அளவில் நிற்கிறது என்று தெரிந்த பிறகே அறுவைக்கு நாள் குறிக்க வேண்டும். மாறுகண் சிகிச்சையில் தனிப் பயிற்சி பெற்ற மருத்துவரிடம் போகும்போது, பழைய அறுவை சிகிச்சைக் குறிப்பு வீட்டில் எங்காவது இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். கிடைக்காவிட்டால், பள்ளிப் பருவத்திலிருந்து திருமணம் வரையிலான சில நேர்முகப் புகைப்படங்கள் போதும். கண் எந்த வயதில் வெளியே நகரத் தொடங்கியது என்பதை அவற்றிலிருந்தே கணித்துவிடலாம்.