ஒரே எண்ணெய், இரண்டு லேபிள்

கேள்வி: வீட்டிலேயே சோயா மெழுகுவத்தியும் 10 மில்லி ரோல்-ஆன் சென்ட்டும் செய்து தெரிந்தவர்களுக்கு விற்கிறேன். இரண்டுக்கும் ஒரே வாசனை எண்ணெய்தான். ஒரு கிஃப்ட் கடையில் வைக்கக் கேட்கிறார்கள். என்ன விலை போடுவது, லேபிளில் என்னவெல்லாம் எழுதுவது? — கோவை வாசகி

பதில்: முதலில் அந்த எண்ணெயைப் பார்ப்போம். வாங்கிய இடத்தில் 'இஃப்ரா சான்றிதழ்' கேளுங்கள். எந்தப் பொருளில் எத்தனை சதவீதம் வரை சேர்க்கலாம் என்று அதில் இருக்கும். தோலில் பூசும் சென்ட் 4-ஆம் வகை, மெழுகுவத்தி 12-ஆம் வகை. மெழுகுவத்தி தோலில் படாது என்பதால் அதற்குப் பெரும்பாலும் வரம்பே இருக்காது. அதே எண்ணெய்க்கு 4-ஆம் வகையில் 2 சதவீதம் என்று போட்டிருந்தால், 20 சதவீதம் கலந்த ரோல்-ஆன் பத்து மடங்கு அதிகம். கழுத்தில் அரிப்பும் சிவப்பும் வருவது இப்படித்தான். பெரிய கேனிலிருந்து சின்ன பாட்டிலில் ஊற்றி, 'பிரீமியம் லாவெண்டர்' என்று பேனாவில் எழுதி விற்பவர்களிடம் இந்தத் தாள் இருக்காது. "எல்லாத்துக்கும் போடலாம்மா" என்பார்கள். தாள் இல்லாத எண்ணெயைத் தோலுக்கான எதிலும் சேர்க்காதீர்கள்.

அடுத்தது உரிமம். மெழுகுவத்திக்கு அழகுசாதன உரிமம் வேண்டாம். சென்ட் சட்டப்படி அழகுசாதனப் பொருள்; அதைத் தயாரித்து விற்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். "உத்யம் பதிவு போதும்" என்று சொல்லி அதற்கே ஆயிரக்கணக்கில் கறக்கும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். உத்யம் பதிவு இலவசம், அது சென்ட் உரிமமும் ஆகாது. சமையலறையில் ஐம்பது பாட்டில் செய்பவருக்கும் தொழிற்சாலைக்கும் ஏறக்குறைய ஒரே விண்ணப்பத்தை நீட்டுகிறார்கள். சிறு தயாரிப்பாளருக்கென்று ஒரு படி வைக்க ஏன் இன்னும் மனம் வரவில்லையோ! இப்போதைக்கு உங்களுக்கு நடைமுறையில் ஒத்துவருவது, உரிமம் உள்ள யூனிட்டில் உங்கள் பிராண்டில் செய்து வாங்குவதுதான். அதுவரை கடைக்கு மெழுகுவத்தியை மட்டும் கொடுங்கள்.

"10 மில்லிக்குள் இருந்தால் லேபிளே வேண்டாம்" என்றும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பாதிதான் உண்மை. 10 மில்லி அல்லது அதற்குக் குறைவான பொட்டலத்துக்கு எடையளவுச் சட்டத்தின் பொட்டலப் பொருள் விதிகளில் விலக்கு உண்டு. அழகுசாதன விதிகள் வேறு. அங்கே 60 மில்லிக்குக் குறைந்த திரவத்துக்கு உட்பொருள் பட்டியலில் மட்டும் விலக்கு. பெயர், தயாரிப்பாளர் விவரம், உரிம எண், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதெல்லாம் சின்ன பாட்டிலிலும் இருக்க வேண்டும். ஒரு சட்டம் விட்டதை இன்னொன்றும் விட்டுவிட்டதாக நினைக்கக் கூடாது. பட்டியலுக்கு விலக்கு இருந்தாலும் போடுங்கள் என்பேன். லினலூல், லிமோனின், யூஜினால் போன்றவை ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்தப் பெயரைத்தான் தேடுவார்கள். எண்ணெய் விற்றவரிடம் ஒவ்வாமைப் பொருள் பட்டியலையும் கேட்டு வாங்கி, அதிலுள்ள பெயர்களை எழுதுங்கள். கூடவே 'வெளிப்பூச்சுக்கு மட்டும், முதலில் முழங்கையின் உட்புறத்தில் தடவிப் பாருங்கள்' என்றும், ஸ்பிரிட் கலந்திருந்தால் 'தீயருகில் வைக்காதீர்' என்றும் போடுங்கள்.

இனி மெழுகுவத்தி விலை. 185 கிராம் மெழுகு, 15 கிராம் எண்ணெய், மொத்தம் 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மெழுகு ரூ.65, எண்ணெய் ரூ.40, மூடியுடன் கண்ணாடி ரூ.70, திரி, ஸ்டிக்கர், பெட்டி ரூ.40. ஆக ரூ.215. எரித்துப் பார்த்ததும் வீணானதும் ரூ.20, உங்கள் கூலி ரூ.55 சேர்த்தால் ரூ.290. லாபம் ரூ.60 வைத்தால் உங்கள் கைக்கு ரூ.350 வர வேண்டும். கடைக்காரர் 40 சதவீதம் கேட்டால் பலரும் 350-உடன் 40 சதவீதத்தைக் கூட்டி ரூ.490 போடுகிறார்கள். அவர் கழிப்பது எம்.ஆர்.பி.யிலிருந்து, 490-இல் 196 போனால் மிஞ்சுவது ரூ.294, லாபம் நான்கே ரூபாய். 350-ஐ 0.6-ஆல் வகுத்தால் 583. எம்.ஆர்.பி. ரூ.590 என்று போடுங்கள். நேரில் கேட்பவருக்கு ரூ.350-க்குக் கொடுத்தால் கடைக்காரர் அடுத்த முறை வாங்கமாட்டார்.

மெழுகுவத்தி லேபிளில் பொருளின் பெயர், உங்கள் பெயரும் முகவரியும், நிகர எடை 200 கிராம், தயாரித்த மாதம்-ஆண்டு, 'எம்.ஆர்.பி. ரூ.590, அனைத்து வரிகளும் உட்பட', கிராமுக்கு ரூ.2.95, புகார் சொல்ல எண்ணும் மின்னஞ்சலும் வர வேண்டும். அடிப்பக்க ஸ்டிக்கரில் எச்சரிக்கை: 'எரியும்போது தனியே விட்டுப் போகாதீர். குழந்தை, செல்லப்பிராணி, திரைச்சீலையிடமிருந்து விலக்கி வையுங்கள். திரியை 5 மில்லிமீட்டருக்கு வெட்டிய பின் ஏற்றுங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் எரிக்காதீர். அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு இருக்கும்போதே அணைத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றி அணைக்காதீர்.'

கடைசி ஒரு சென்டிமீட்டர் ஏன் என்றால், அதற்குக் கீழே சுடர் கண்ணாடியின் அடியையே சூடாக்கும், விரிசல் விழும். வாங்கிய கண்ணாடி தாங்குமா என்று பார்க்க, ஒவ்வொரு புது கண்ணாடி–திரி ஜோடியிலும் ஒன்றைத் தட்டின் மேல் வைத்து, நான்கு நான்கு மணி நேரமாக அடிவரை எரியுங்கள். பக்கவாட்டைத் தொட முடியாத அளவு சுட்டாலோ, சுடர் உயர்ந்து கண்ணாடியில் கரி படிந்தாலோ திரி தடிமன் அதிகம். ஒரு அளவு மெல்லிய திரிக்கு மாறி மறுபடி எரித்துப் பாருங்கள். மேலே எண்ணெய் வியர்த்து நின்றால் எண்ணெயின் அளவைக் குறையுங்கள். குறைத்தும் வியர்த்தால் அந்த எண்ணெய் உங்கள் மெழுகுக்கு ஒத்துவராததாகவோ, ஏதோ கலந்து நீர்க்கச் செய்ததாகவோ இருக்கலாம், வேறு எண்ணெயை முயன்று பாருங்கள்.